எண்ணெய்ச் சட்டியில் பிடித்த தீ எந்த வகை? எரிவதைப் பார்த்து அணைப்பானைத் தேர்ந்தெடுக்கும் முறை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் சித்தப்பா மகன் ஒரு பலகாரக் கடை நடத்திவருகிறார். முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் சமையற்கட்டு. மிக்சர், காராசேவு, முறுக்கு எல்லாம் 20 லிட்டர் எண்ணெய் பிடிக்கும் ஓர் இரும்புச் சட்டியிலும், 8 லிட்டர் பிடிக்கும் இன்னொரு சிறிய சட்டியிலும் பொரித்து எடுக்கப்படுகின்றன. நான் சிப்காட் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் தீப் பாதுகாப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், கடைக்கு உரிமம் புதுப்பிக்கும் சமயத்தில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகும்படி அவர் கேட்டுக்கொண்டார். போய்ப் பார்த்தபோது சமையற்கட்டின் கடைசி மூலையில், மாடிப்படிக்கு அடியில், 6 கிலோ ஏபிசி பவுடர் அணைப்பான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. “ஏ, பி, சி மூன்றுமே இருக்கிறதே அண்ணா, அப்புறம் எதற்கு இன்னொன்று?” என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த வழிகாட்டி. அவருடைய கடையில் தீப்பிடிக்க அதிக வாய்ப்புள்ள பொருள் அந்த 20 லிட்டர் எண்ணெய். அந்த எண்ணெய் மட்டும் அந்த மூன்று எழுத்துகளில் எதிலும் அடங்குவதில்லை. எண்ணெய் ஏன் தனி வகையாகப் பிரிக்கப்பட்டது என்பது புரிந்துவிட்டால், மற்ற வகைகளைப் படிப்பதும் தானாகவே எளிதாகிவிடும்.

முதலில் எரிவது எது என்று பாருங்கள்

தீயின் வகை என்பது தீயின் அளவையோ நிறத்தையோ அது தொடங்கிய காரணத்தையோ குறிப்பதில்லை. இந்த நொடியில் எரிந்துகொண்டிருக்கும் பொருள் எது என்பதை மட்டுமே அது குறிக்கிறது. மின்கசிவால் தொடங்கிய தீ அட்டைப்பெட்டிக்குப் பரவிவிட்டால், நீங்கள் பார்ப்பது அட்டைப்பெட்டித் தீ. ஆகவே முதல் படி, கண்ணால் பார்த்து எரிபொருளை அடையாளம் காண்பது. இரண்டு மூன்று நொடிகளில் செய்யக்கூடிய வேலைதான் இது.

விறகு, காகிதம், அட்டை, துணி, சாக்கு, தென்னங்கீற்று போன்ற திடப்பொருள்கள் எரிவது ஏ வகை. எரிந்த பிறகு தணலும் சாம்பலும் மிஞ்சுகின்றன என்பதே இதன் அடையாளம். சுடர் அடங்கிய பின்னும் உள்ளே கங்கு கனன்றுகொண்டே இருக்கும் என்பதால், இதற்குத் தேவை குளிர்விப்பு. அதைத் தண்ணீரைவிட நன்றாகச் செய்யும் பொருள் வேறில்லை. ஏபிசி பவுடரும் இங்கே வேலை செய்கிறது. அதில் உள்ள மோனோ அம்மோனியம் பாஸ்பேட் சூட்டில் உருகி, தணலின் மேல் கண்ணாடி போன்ற ஒரு பூச்சாகப் படிந்து காற்றைத் தடுக்கிறது. கார்பன் டை ஆக்சைடு சுடரை அடக்கிவிடும், ஆனால் கங்கைக் குளிர்விக்காது; வாயு கலைந்ததும் அட்டைக்குவியல் மறுபடி பற்றிக்கொள்ளும்.

பெட்ரோல், டீசல், தின்னர், பெயிண்ட் போன்ற திரவங்களும், சூட்டில் உருகும் மெழுகு, தார் போன்றவையும் பி வகை. இங்கே எரிவது திரவமல்ல, அதன் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவி. அந்த ஆவிக்கும் காற்றுக்கும் நடுவே ஒரு போர்வையை விரித்தால் போதும் என்பதால் நுரையும், சுடரின் வேதிவினையை முறிக்கும் பவுடரும் இதற்கு ஏற்றவை. கடலூர் பழைய நகரத் துறைமுகத்தில் படகுகளுக்கு டீசல் ஊற்றும் இடத்தில் 9 லிட்டர் நுரை அணைப்பான் பொருத்தமானது. அதே நுரையை எரிசாராயத்தின் மீது அடித்தால், சாராயம் தண்ணீரோடு கலக்கக்கூடியது என்பதால் நுரையில் உள்ள தண்ணீரை உறிஞ்சி, குமிழிகளை அப்படியே கரைத்துவிடும். புதுச்சேரிப் பக்கம் மதுபானக் கிடங்கு வைத்திருப்பவர்கள் வாங்கும்போது, ‘ஆல்கஹாலைத் தாங்கும் நுரை’ என்று கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே இதை இங்கே சொல்கிறேன்.

சமையல் எரிவாயு, அசெட்டிலீன் போன்ற வாயுக்கள் எரிவது சி வகை. சீறும் சத்தத்தோடு, ஒரு திசையில் நீண்டு எரியும் சுடர் இதன் அடையாளம். இந்த வகையில் மட்டும் தீயை அணைப்பது முதல் வேலை அல்ல. வாயுவை நிறுத்துவதே முதல் வேலை. வால்வை மூட முடியாத நிலையில் சுடரை மட்டும் அணைத்துவிட்டால், காற்றைவிடக் கனமான எரிவாயு தரையோடு தரையாகப் பரவி, அடுத்த அறையில் இருக்கும் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். எரிந்துகொண்டிருக்கும் கசிவைவிட எரியாத கசிவு ஆபத்தானது.

மெக்னீசியம், சோடியம் போன்ற உலோகங்கள் எரிவது டி வகை. ரசாயனத் தொழிற்சாலைகளிலும் சில பட்டறைகளிலும் மட்டுமே இதற்கு வேலை உண்டு. மெக்னீசியம் எரிந்தால் கண்ணைக் கூசவைக்கும் வெண்ணொளி அதன் அடையாளம். தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வெளிவந்து வெடிக்கும் என்பதால், ஈரமில்லாத உலர்ந்த மணலோ, அந்தந்த உலோகத்துக்கென்றே தயாரித்த பவுடரோதான் போட வேண்டும். கடற்கரையிலிருந்து அள்ளிவந்த ஈர மணலை வாளியில் வைத்திருப்பது பயன் தராது.

மின்சாரமும், ஒரே எழுத்தின் இரண்டு பொருள்களும்

மின்சாரம் எரிவதில்லை. எரிவது ஒயரின் மேலுறையும், பலகையும், அதில் படிந்த தூசியும்தான். அதனால் பன்னாட்டு வகைப்பாட்டிலும் அதை ஒட்டிய நம் இந்தியத் தரநிலையிலும் மின்சாரத்துக்குத் தனி எழுத்து இல்லை. மின்சாரம் என்பது தீயோடு சேர்ந்து நிற்கும் ஒரு நிலை; மெயின் சுவிட்சை இறக்கிவிட்டால் அந்த நிலை நீங்கி, எஞ்சுவது சாதாரண ஏ வகைத் தீயாகிவிடுகிறது. இறக்க முடியாதபோது, மின்சாரத்தைக் கடத்தாத கார்பன் டை ஆக்சைடோ பவுடரோ மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், அமெரிக்க வகைப்பாட்டில் சி என்ற எழுத்து மின்சாரம் பாயும் சாதனத்தைக் குறிக்கிறது. நமக்கு அது வாயுவைக் குறிக்கிறது. அதேபோல் சமையல் எண்ணெய்த் தீக்கு நம் தரநிலை எஃப் என்ற எழுத்தைத் தருகிறது. அமெரிக்கர்கள் கே என்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் இரண்டும் கலந்தே புழங்குகின்றன. எண்ணெய்த் தீக்கான அணைப்பானைக் கேட்டால் ‘கே டைப்பா?’ என்றுதான் கடைக்காரர் திருப்பிக் கேட்பார். எழுத்தை மட்டும் நம்பாமல், லேபிளில் உள்ள படத்தைப் பாருங்கள். தீப்பிடித்த வாணலியின் படம் இருந்தால் அது எண்ணெய்க்கானது; வாயுச் சுடரின் படமா, மின்செருகியின் படமா என்று பார்த்தால் சி எந்த அர்த்தத்தில் சொல்லப்பட்டிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

எண்ணெயும் திரவம்தானே?

தம்பியின் அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருந்தது. திரவம் என்பதால்தான் முன்பெல்லாம் அதையும் பி வகையிலேயே வைத்திருந்தார்கள். அனுபவம் அது சரியல்ல என்று காட்டியது. முன்னர் பல நாடுகளின் உணவகங்களில் விலங்குக் கொழுப்பில் பொரித்தார்கள். பின்னர் தாவர எண்ணெய்க்கு மாறியபோது, எண்ணெய் இன்னும் உயர்ந்த சூட்டில் எரியத் தொடங்கியது. வெப்பத்தை நன்றாகத் தக்கவைக்கும் புதிய பொரிப்புப் பாத்திரங்களும் வந்தன. பழைய முறையில் அணைத்த தீ திரும்பத் திரும்பப் பற்றிக்கொண்டது. 1990-களில் அமெரிக்காவில் சமையலறைத் தீயணைப்பு அமைப்புகளுக்குப் புதிய சோதனை முறையும், 1998-இல் கே என்ற தனி வகையும் உருவானதற்குப் பின்னால் இருந்தது இந்த அனுபவம்தான்.

வேறுபாடு வெப்பநிலையில் இருக்கிறது. பெட்ரோல் தரையில் சிந்தி எரியும்போது, மேற்பரப்புக்கு மேலே சுடர் இருந்தாலும் அடியில் உள்ள பெட்ரோல் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. அதைப் பற்றவைக்க ஒரு சுடரோ பொறியோ வேண்டும். ஒரு கணம் சுடரை முறித்துவிட்டால், அது தானாக மறுபடி எரியாது. சமையல் எண்ணெய் இப்படி அல்ல. யாரும் நெருப்பு வைக்காமலேயே அது தீப்பிடிக்கிறது. பலகாரம் பொரியும் சூடு 170 முதல் 190 டிகிரி வரை. ஏறத்தாழ 220, 230 டிகிரியைத் தாண்டும்போது புகை கிளம்புகிறது. அடுப்பு அணைக்கப்படாமல் சூடு ஏறிக்கொண்டே போனால், ஏறக்குறைய 360, 370 டிகிரியில் எண்ணெய் தானாகவே சுடர்விடுகிறது. அதாவது, நீங்கள் சுடரைப் பார்க்கும்போது 20 லிட்டரும் தானாக எரியும் சூட்டை எட்டிவிட்டிருக்கின்றன. சுடரை எத்தனை முறை முறித்தாலும், அந்தச் சூடு இறங்காதவரை எண்ணெய் மறுபடி எரியும். போதாததற்கு, ஒருமுறை எரிந்த எண்ணெயும், பலநாள் பொரித்துக் கறுத்த எண்ணெயும் சிதைந்துபோவதால் இன்னும் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்கின்றன.

எனவே எஃப் வகைத் தீயை அணைக்கும் எந்தப் பொருளும் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்ய வேண்டும்: மேற்பரப்பை மூடி வைக்க வேண்டும், மூடியபடியே எண்ணெயைக் குளிர்விக்கவும் வேண்டும்.

ஒவ்வொரு பொருளும் எண்ணெயில் என்ன செய்கிறது

தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்பது பலருக்கும் தெரியும். ஏன் அப்படி ஆகிறது என்பது பலருக்குத் தெரியாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, அதனால் மூழ்கி அடிக்குப் போகிறது. அங்கே 350 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் ஒரே கணத்தில் ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிநிலையில் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 லிட்டர் நீராவியாக விரிகிறது. ஒரு டம்ளர் தண்ணீரென்றால் 340 லிட்டர். அந்த விரிவு தனக்கு மேலே இருக்கும் எண்ணெயைத் துளித்துளியாகச் சிதறடித்து உயரே வீசுகிறது. காற்றில் கலந்த அந்தத் துளிகள் எல்லாம் ஒன்றாகப் பற்றிக் கூரைவரை ஒரு தீப்பந்தாக எழுகின்றன. நுரை அணைப்பானில் இருப்பதும் பெரும்பகுதி தண்ணீரே என்பதால், டீசலுக்கு நல்ல மருந்தான அது எண்ணெய்ச் சட்டிக்கு ஆகாது.

கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் வேகமான வாயுப் பீய்ச்சலாக வெளிவருகிறது. கிட்டே நின்று அடித்தால் எண்ணெயை வெளியே தெறிக்கவைக்கும். தள்ளி நின்று அடித்தால் சுடர் ஒரு கணம் மறைந்து, வாயு கலைந்ததும் திரும்பிவரும். எண்ணெயின் உள்சூட்டை அது தொடுவதே இல்லை. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் பஜ்ஜி வண்டி வைத்திருக்கும் ஒருவர் இதை வாங்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். மாலைக் கடற்காற்றில் அந்த வாயு சட்டிமேல் ஒரு நொடிகூட நிற்காது.

ஏபிசி பவுடரைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லாருடைய கடையிலும் இருப்பது அதுதான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பூரி எண்ணெய் தீப்பிடித்தபோது நான் உடனிருந்தேன். ஒருவர் ஏபிசி பவுடரை அடித்தார். சுடர் சட்டென்று அடங்கியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அரை நிமிடம்கூட ஆகவில்லை, சட்டி நடுவில் நீலமாக ஒரு நாக்கு எழுந்து, மறுகணம் முழுச் சட்டியும் எரிந்தது. அதற்குள் சிலிண்டர் காலியாகிவிட்டது. கடைசியில் அடுப்பை நிறுத்தி, ஒரு தகரத்தை மேலே தள்ளியதால்தான் தீ நின்றது. பவுடர் தவறாக வேலை செய்யவில்லை. சுடரின் வேதிவினையை முறிப்பது அதன் வேலை, அதைச் செய்தது. எண்ணெயைக் குளிர்விப்பது அதன் வேலையல்ல.

எண்ணெய்த் தீக்கென்றே உள்ளது ‘வெட் கெமிக்கல்’ எனப்படும் ஈர ரசாயன அணைப்பான். பொட்டாசியம் அசிடேட், பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சிட்ரேட் ஆகிய உப்புகளில் ஒன்றோ சிலவோ கரைந்த நீர்க்கரைசல் அதில் இருக்கிறது. சோப்புக் காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு அது செய்வது உடனே புரியும். சூடான எண்ணெயும் காரத்தன்மையுள்ள பொட்டாசியம் உப்பும் சேர்ந்தால் சோப்பு உண்டாகிறது. எரியும் சட்டியின் மேற்பரப்பிலேயே இந்த வினை நடந்து, நீராவியோடு சேர்ந்து கெட்டியான சோப்பு நுரையாகப் பொங்கி, எண்ணெயை மூடிக்கொள்கிறது. அந்த மூடிக்கு அடியில் கரைசலின் தண்ணீர் ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொள்கிறது.

“தண்ணீர் ஆகாது என்றீர்கள், இதிலும் தண்ணீர்தானே?” என்று கேட்டார் கடையின் சரக்கு மாஸ்டர். சரியான கேள்வி. ஆபத்து தண்ணீரில் இல்லை, தண்ணீர் மொத்தமாக அடியில் போய்ச் சேர்வதில்தான் இருக்கிறது. இந்த அணைப்பானின் முனை, கரைசலை மெல்லிய தூவலாக மெதுவாகத் தெளிக்கிறது. துளிகள் மூழ்குவதற்கு முன் மேற்பரப்பிலேயே ஆவியாகிவிடுகின்றன. எவ்வளவு தண்ணீர் தேவைப்படும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 18 கிலோ. அதை ஒரு டிகிரி குளிர்விக்க, கிலோவுக்கு இரண்டரை கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும் என்று கொள்வோம். 370 டிகிரியிலிருந்து 320-க்கு இறக்க, 18 × 2.5 × 50, அதாவது 2,250 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீர் அறை வெப்பத்திலிருந்து முழுதும் ஆவியாகும்போது 2,500 கிலோஜூலுக்குச் சற்று மேலாகவே எடுத்துக்கொள்கிறது. எனவே 6 லிட்டர் அணைப்பானில் இருக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ஆவியானாலே எண்ணெய் எரிசூட்டுக்குக் கீழே வந்துவிடும். அடுப்பு அணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும். கீழே பர்னர் எரிந்துகொண்டிருந்தால், எடுக்கும் சூட்டை அது திரும்பக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரும்புச் சட்டியும் தன் பங்குச் சூட்டைச் சேர்த்து வைத்திருக்கிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஏபிசி பவுடர் அமிலத்தன்மை கொண்டது. சோப்பு நிற்பதற்குக் காரத்தன்மை வேண்டும். ஒருவர் வெட் கெமிக்கலைத் தெளித்துக்கொண்டிருக்கும்போது, உதவி செய்கிறேன் என்று இன்னொருவர் ஏபிசி பவுடரை அடித்தால், உண்டாகிவரும் சோப்புப் படலத்தை அது கெடுத்துவிடும். ஒரே சட்டியில் இரண்டையும் கலக்கக் கூடாது என்பதைக் கடையில் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன்.

சட்டி எரியும்போது வரிசையாகச் செய்ய வேண்டியவை

தீ எழுவதற்கு முன்பே எண்ணெய் எச்சரிக்கை தருகிறது. மெல்லிய புகை இழைகள் தெரிந்தால் அடுப்பைக் குறைக்க வேண்டிய நேரம். புகை வெண்மையாக, தடித்து, கண் எரியும்படி வந்தால் அடுப்பை உடனே நிறுத்திவிட்டு மூடியைக் கையில் எடுக்க வேண்டிய நேரம். இந்தக் கட்டத்தில் குளிர்ந்த எண்ணெயை ஊற்றிச் சூட்டைத் தணிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். சட்டி நிரம்பி வழிந்து பர்னரில் விழுந்தால் அதுவே தீயாகிவிடும்.

சுடர் எழுந்துவிட்டால் முதல் வேலை எரிவாயுவை நிறுத்துவது. பர்னரின் குமிழ் தீக்குள் இருந்தால் அதைத் தொட முயலாமல், சிலிண்டர் பக்கத்து வால்வை மூடுங்கள். இரண்டாவது, மூடி. சட்டியின் வாயைவிட ஒரு சாண் பெரிதான இரும்பு அல்லது எஃகுத் தட்டை உங்களுக்கும் தீக்கும் நடுவே கேடயம்போல் பிடித்து, உங்கள் பக்கத்து விளிம்பிலிருந்து எதிர்ப்பக்கமாகத் தள்ளுங்கள். மேலிருந்து போட்டால் சுடர் கையை நோக்கிப் பாயும். மூடியபின் திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். இருபது லிட்டர் எண்ணெய் எரிசூட்டிலிருந்து இறங்க நெடுநேரம் ஆகும், குறைந்தது ஒரு மணி நேரம் அதைத் தொடாமல் விடுவது நல்லது. சட்டியைத் தூக்கி வெளியே கொண்டுபோக ஒருபோதும் முயலாதீர்கள். எரியும் எண்ணெய் கையில் தளும்புவதும், வழியெல்லாம் சிந்துவதும்தான் அதன் முடிவு.

சுடர் உயரமாகி மூடியோடு நெருங்க முடியாவிட்டால், அணைப்பானை எடுங்கள். பாதுகாப்பு ஊசியைப் பிடுங்கி, லேபிளில் சொல்லியிருக்கும் தூரத்தில் நின்று, தூவல் சட்டியின் மேற்பரப்பில் மென்மையாக விழும்படி மெதுவாக வட்டமிட்டுத் தெளியுங்கள். சுடர் மறைந்ததும் நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. சிலிண்டர் முழுதும் காலியாகும்வரை தெளிக்க வேண்டும், ஏனெனில் அணைத்த பிறகு விழும் கரைசல்தான் குளிர்விக்கிறது. தெளிக்கும்போது நீங்கள் நிற்கும் இடம் வாசலுக்கும் தீக்கும் நடுவே இருக்கட்டும். புகைபோக்கிக்குள்ளோ கூரைக்கோ தீ ஏறிவிட்டால் கையணைப்பானின் எல்லை முடிந்துவிட்டது. எல்லாரையும் வெளியேற்றி 101 அல்லது 112-ஐ அழையுங்கள். தீயணைப்பு வீரர்களிடம் எத்தனை சிலிண்டர் எங்கே இருக்கின்றன என்பதை முதலில் சொல்லுங்கள்.

பக்கத்தில் ஏபிசி மட்டுமே இருந்தால்? மூடியோடு நெருங்குவதற்கான சில நொடிகளை அது வாங்கித் தரும், அவ்வளவுதான். அடுப்பு நின்றிருக்க வேண்டும், மூடியோடு இன்னொருவர் தயாராக நிற்க வேண்டும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று, எண்ணெயைத் தெறிக்கவைக்காதபடி, சட்டிக்குச் சற்று மேலே பவுடர் மேகம் படியுமாறு அடித்து, சுடர் அடங்கிய மறுநொடியே மூட வேண்டும்.

கடையில் நாங்கள் செய்த மாற்றங்கள்

தம்பியின் கடையில் என்னென்ன எரியக்கூடும் என்று சுற்றிவந்து பார்த்தோம். பொரிக்கும் இரண்டு சட்டிகள் எஃப் வகை. சமையற்கட்டுக்குள்ளேயே நின்ற இரண்டு 19 கிலோ சிலிண்டர்கள் சி வகை. முன்பக்கம் பலகார அட்டைப்பெட்டிகளும் பிளாஸ்டிக் பைகளும் ஏ வகை. பின்வாசலில் ஜெனரேட்டரும், அதற்கென வைத்திருந்த ஒரு கேன் பெட்ரோலும் பி வகை. கல்லாப்பெட்டிக்கு மேலே மின்பலகை. திறக்காத எண்ணெய் டின்கள் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. அவை அறைச் சூட்டில் இருக்கும்வரை அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் அடுப்புக்கு நான்கு அடி தூரத்தில் இருந்தன, அதனால் அவற்றை நகர்த்தச் சொன்னேன்.

ஏபிசி அணைப்பான் இருந்த இடமே முதல் தவறு. அடுப்பைத் தாண்டி உள்மூலைக்குப் போனால்தான் அதை எடுக்க முடியும். தீப்பிடித்தால் அதை எடுக்கப் போகிறவர் உள்ளேயே மாட்டிக்கொள்வார். அதைப் பின்வாசலுக்கு வெளியே, ஜெனரேட்டர் பக்கம் மாற்றினோம். பெட்ரோலுக்கும் அட்டைப்பெட்டிக்கும் அது சரியான பொருள்தான். சமையற்கட்டிலிருந்து கடைக்குள் வரும் வாசலின் பக்கத்தில், அடுப்பிலிருந்து ஏழெட்டுக் காலடி தூரத்தில், 6 லிட்டர் வெட் கெமிக்கல் அணைப்பானை மாட்டினோம். வாங்கும்போது எஃப் எழுத்துக்கு முன்னால் உள்ள எண்ணைப் பார்க்கச் சொன்னேன். அந்த எண், சோதனையில் அது அணைத்துக் காட்டிய எண்ணெயின் லிட்டர் அளவு. 20 லிட்டர் சட்டிக்கு 5 எஃப் போதாது; 25 எஃப் என்பது விளிம்பு; சட்டி அகலமானது, பக்கத்திலேயே இன்னொரு சட்டியும் இருக்கிறது என்பதால் 75 எஃப் வாங்கினோம். மின்பலகைக்கென 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு ஒன்று முன்பக்கம் வைக்கப்பட்டது.

சிலிண்டர்களைப் பின்சுவருக்கு வெளியே, காற்றோட்டமுள்ள கம்பிக்கூண்டுக்குள் மாற்றி, வால்வைச் சமையற்கட்டுக்குள் நுழையாமலே மூடக்கூடியபடி அமைத்தோம். மூடியை மாஸ்டர் அடுப்புக்கு நேர்மேலே ஆணியில் மாட்டியிருந்தார். சட்டி எரியும்போது யார் அங்கே கையை நீட்டுவார்கள்? பக்கவாட்டுச் சுவருக்கு அது போனது. இந்த மாற்றங்கள் எல்லாவற்றிலும் செலவே இல்லாததும் முதலில் கைகொடுக்கப்போவதும் அந்த மூடிதான் என்பது என் கணிப்பு.

உப்புக்காற்றும், தீ அணைந்த பிறகும்

கடலோர ஊர்களில் அணைப்பான் துருப்பிடிப்பது விரைவு. சிலிண்டர் தரையைத் தொடும் அடி வளையத்தில்தான் துரு தொடங்குகிறது, சுவரில் மாட்டியிருக்கும்போது அது கண்ணில் படுவதில்லை. மாதம் ஒருமுறை இறக்கி, அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் தெரிந்தால் அதை அழுத்தச் சோதனைக்கு அனுப்புவது நல்லது. அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா, முனையில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பவுடர் அணைப்பானில் முள் பச்சையில் இருந்தும் உள்ளே பவுடர் ஈரத்தில் கட்டிதட்டியிருக்கலாம். அப்போது வாயு மட்டுமே சீறிவரும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் அழுத்தமானியே கிடையாது. எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளிருக்கும் வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்பியாக வேண்டும்.

வெட் கெமிக்கல் பயன்படுத்திய பிறகு, எண்ணெய் முழுதும் ஆறும்வரை காத்திருந்து, சட்டியிலிருக்கும் சோப்பும் எண்ணெயும் கலந்த கூழை மூடியுள்ள கேனில் அள்ளிப் போடுங்கள். எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அந்த எண்ணெயை வடிகட்டி மறுபடி பொரிக்கப் பயன்படுத்தக் கூடாது. சாக்கடையில் ஊற்றவும் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு, சட்டி, அடுப்பு, மேடை ஆகியவற்றை வெந்நீரில் கழுவுங்கள். பொட்டாசியம் உப்பு ஒட்டியிருந்தால் இரும்பும் அலுமினியமும் அரிக்கும். பர்னரின் துளைகளில் கரைசல் புகுந்திருக்கும் என்பதால் அதைக் கழற்றிக் காயவைத்து, ரப்பர் குழாய் சூட்டில் வெடித்திருக்கிறதா என்று பார்த்து, சோப்பு நீரால் கசிவு சோதித்த பிறகே வால்வைத் திறக்கலாம். பாதி மட்டுமே காலியான அணைப்பானை மீண்டும் சுவரில் மாட்டிவிடாதீர்கள். அது நிரப்பப்பட்டு வரும்வரை அந்தப் பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றுவதில்லை என்று தம்பியும் மாஸ்டரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.